பையின் மேல் −8 என்று போட்டிருந்தது: டென்டும் ஸ்லீப்பிங் பேக்கும் வாங்கி ஏமாந்த கதை

முதல் முறையாக முகாம் போகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன். நானும் என் தங்கையும் ஓர் இரவு முழுக்க நடுங்கினோம். பொருள் கிழிந்துவிடவில்லை, உடைந்துவிடவில்லை. விற்றவர் சொன்ன மூன்று விஷயங்களில் ஒன்றுகூட எங்களுக்குப் பயன்படும் உண்மையாக இல்லை, அவ்வளவுதான்.

மலைப் புல்வெளி ஒன்றில் ஓர் இரவு தங்குவதாகத் திட்டம். சாலையிலிருந்து 6 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இரவில் 5 டிகிரி வரை இறங்கும், லேசாக மழையும் வரலாம் என்று வானிலை அறிக்கை சொன்னது. இதை அப்படியே கடையில் சொன்னேன். விற்பனையாளர் இருவர் படுக்கும் டென்ட் ஒன்றையும் ஒரே மாதிரி இரண்டு ஸ்லீப்பிங் பேக்குகளையும் எடுத்து வைத்தார். “சார், டென்ட் வாட்டர்ப்ரூஃப், ரேட்டிங் மூவாயிரம். ரெண்டே கால் கிலோதான். பேக் மைனஸ் எட்டு வரைக்கும் தாங்கும். அஞ்சு டிகிரியெல்லாம் இதுக்கு ஒண்ணுமே இல்ல” என்றார். உறையிலும் பெரிய எழுத்தில் அதே எண்கள் இருந்தன. நம்பி வாங்கினேன்.

எடையை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். வீட்டில் பெட்டி தூக்கிப் பார்க்கும் தராசில் மாட்டியபோது டென்ட் 2.9 கிலோ காட்டியது. உறையில் போட்டிருந்த 2.25 கிலோ என்பது உள் கூடாரம், அதன்மேல் மழைக்காகப் போர்த்தும் மேல்விரிப்பு, கம்பிகள் ஆகியவற்றின் எடை மட்டும். தரையில் அடிக்கும் முளைகள், இழுத்துக் கட்டும் கயிறுகள், எல்லாவற்றையும் போட்டு எடுத்துப் போகும் பை ஆகியவை அந்தக் கணக்கில் இல்லை. இரும்பு முளைகளே கணிசமாகக் கனக்கும். முதுகில் சுமக்கப் போகிறீர்கள் என்றால் “மொத்தமாக, பையோடு எவ்வளவு?” என்று கேளுங்கள், முடிந்தால் கடையிலேயே நிறுத்துப் பாருங்கள். எங்கள் இரவைக் கெடுத்தது எடை இல்லை.

இரவு பதினோரு மணிக்கு மழை பிடித்தது. பெரிய மழை என்று சொல்ல முடியாது, இரண்டு மணி நேரம் ஒரே சீராகப் பெய்தது. “அண்ணா, கால்கிட்ட ஈரமா இருக்கு” என்று தங்கை எழுப்பினாள். டார்ச் அடித்துப் பார்த்தால் மேல்விரிப்பின் நடுத் தையல் நெடுக வரிசையாகத் துளிகள் கோர்த்து நின்றன. அங்கிருந்து உள் கூடாரத்தின் வலைமேல் சொட்டி, வலை வழியாக அவளுடைய பேக்கின் கால்பகுதியில் விழுந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்து கடையில் சொன்னபோது கிடைத்த பதில்: “சார், அது லீக் இல்ல. நீங்க விடற மூச்சுதான் குளிர்ந்து தண்ணியாகுது. எல்லா டென்ட்லயும் வரும்.” அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் பலரும் இந்தப் பதிலோடு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். காற்றோட்டம் குறைந்தால் மூச்சின் ஈரம் மேல்விரிப்பின் உள்பக்கத்தில் படியத்தான் செய்யும். ஆனால் அது மேல்விரிப்பின் உள்முகம் முழுக்கப் பனி பூத்த மாதிரி பரவலாகப் படியும். மழையே இல்லாத இரவிலும் படியும். ஒழுகல் அப்படி இருக்காது. தையல் கோட்டிலும், மூலையிலும், கயிறு கட்டும் வளையம் தைத்த இடத்திலும் தொடங்கும், மழை நின்ற கொஞ்ச நேரத்தில் நிற்கும்.

சந்தேகத்தைத் தீர்க்க வீட்டில் ஒரு சோதனை செய்தேன், யாரும் செய்யலாம். டென்டை நன்றாகக் காயவைத்துக் கட்டினேன். உள்ளே யாரும் இல்லை, அதனால் மூச்சு என்ற பேச்சுக்கே இடமில்லை. மேல்விரிப்பின் உள்பக்கத்தில் தையல் ஓடும் இடமெல்லாம் டிஷ்யூ பேப்பரை ஒட்டிவிட்டு, வெளியிலிருந்து குழாயால் மழை போல இருபது நிமிடம் தண்ணீர் தெளித்தேன். நடுத் தையலில் ஒட்டிய தாள்கள் எல்லாம் ஊறிப்போயின. துணியின் நடுவில் ஒட்டிய தாள் காய்ந்தே இருந்தது. ஆக, துணி தண்ணீர் விடவில்லை, தையல்தான் விட்டது.

காரணம் எளிது. தைக்கும்போது ஊசி போகும் ஒவ்வொரு இடமும் ஒரு துளை. நல்ல டென்டில் தையலின் உள்பக்கம் நெடுக ஒரு நாடாவைச் சூட்டில் ஒட்டி இந்தத் துளைகளை அடைத்திருப்பார்கள். மேல்விரிப்பை உள்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தால், விரல் அகலத்துக்குப் பளபளப்பான பட்டை ஒன்று தையலோடு ஓடுவது தெரியும். எங்களுடையதில் அது இல்லவே இல்லை. தடவிப் பார்த்தாலே நூல் விரலில் பட்டது. கடையிலேயே அரை நிமிடத்தில் பார்த்திருக்கக்கூடிய விஷயம் இது.

சரி, அந்த மூவாயிரம்? துணியின் மேல் தண்ணீரை ஓர் உயரமான தூண் போல நிறுத்தி, எந்த உயரத்தில் மறுபக்கம் கசியத் தொடங்குகிறது என்று அளந்து சொல்லும் எண் அது. மூவாயிரம் என்றால் 3,000 மில்லிமீட்டர், அதாவது மூன்று மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும். எண் பொய்யில்லை. ஆனால் அது டென்டின் அடித்தரைத் துணிக்கான எண். உள்ளே மடித்து வைத்திருந்த தாளில் மேல்விரிப்புக்கு 1,000 என்று தனியாகப் போட்டிருந்தார்கள். தரைக்குக் கூடுதல் எண் தேவைதான், நாம் முட்டி ஊன்றும் இடத்தில் ஈர மண்ணிலிருந்து தண்ணீர் அழுத்தத்தோடு மேலே வரும். மேலிருந்து விழும் மழைக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது, மேல்விரிப்புக்கு 1,500 இருந்தால் சாதாரண மழைக்குப் போதும். கேட்க வேண்டிய கேள்வி “வாட்டர்ப்ரூஃபா?” என்பதில்லை. “மேல்விரிப்புக்கு எவ்வளவு, தரைக்கு எவ்வளவு, தையலில் நாடா ஒட்டியிருக்கிறதா?” என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். நாடா இல்லாத தையல் என்றால், துணி ஐயாயிரம் தாங்கினாலும் ஒழுகத்தான் செய்யும்.

ஆனால் நனைந்ததைவிடக் குளிர்தான் எங்களைப் பயமுறுத்தியது. தங்கையின் பேக் நனைந்ததற்கு முன்பே அவளுக்குக் குளிர ஆரம்பித்திருந்தது. வெப்பமானி 5 டிகிரி காட்டியது. மைனஸ் எட்டு தாங்கும் பேக்கில் ஏன் குளிர வேண்டும்? மூன்று மணி வாக்கில் அவளால் ஜிப்பைப் பிடித்து இழுக்க முடியவில்லை, விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இருந்த துணியெல்லாம் அவளுக்குப் போட்டுவிட்டேன். காலிப் பைகளையும் கயிற்றையும் அவளுக்கு அடியில் பரப்பினேன். மழை நின்றிருந்ததால் வெளியே போய் அடுப்பு மூட்டித் தண்ணீர் காய்ச்சி, பாட்டிலில் ஊற்றி இறுக மூடி அவள் தொடைகளுக்கு நடுவில் வைத்தேன். கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டத் தோன்றும், தயவுசெய்து மூட்டாதீர்கள். மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் உயிரை எடுத்துவிடும். விடியும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்தே இருந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகு பேக்கின் ஜிப்பை முழுக்கத் திறந்து பார்த்தேன். உள்பக்கத் தையலில் சின்னத் துணித்துண்டு ஒன்று. அதில் மூன்று எண்கள்: கம்ஃபர்ட் 9, லிமிட் 5, எக்ஸ்ட்ரீம் −8. வெளி உறையில் பெரிதாகப் போட்டிருந்தது கடைசி எண்ணை மட்டும்.

இந்த மூன்றும் ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தரநிலைப்படி வருபவை, அதற்கு முன்பு ஐரோப்பாவில் ஈ.என். 13537 இருந்தது. சூடேற்றிய மனிதப் பொம்மையைப் பேக்குக்குள் படுக்க வைத்து வெப்ப இழப்பை அளந்து இந்த எண்களைக் கணக்கிடுகிறார்கள். கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருவர் உடலைக் குறுக்காமல் நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்து, குளிரோடு சமாளித்துத் தூங்கக்கூடிய எல்லை. எக்ஸ்ட்ரீம் தூங்குவதற்கான எண்ணே இல்லை. அந்தக் குளிரில் சராசரிப் பெண் ஒருவர் ஆறு மணி நேரம் உயிர் போகாமல் இருக்கலாம், அவ்வளவுதான். உடல் ஆபத்தான அளவுக்குக் குளிர்ந்துபோகும் வாய்ப்பு அப்போதும் உண்டு. இந்த எண்ணைத்தான் “தாங்கும்” என்று சொல்லி எனக்கு விற்றார்கள்.

எங்கள் இரவை இதில் பொருத்திப் பாருங்கள். 5 டிகிரி. என் லிமிட்டில் நான் சுருண்டு படுத்து ஓரளவு சமாளித்தேன். தங்கை அவளுடைய கம்ஃபர்ட்டுக்கு நான்கு டிகிரி கீழே, அதுவும் ஈரத்தோடு கிடந்தாள். இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சோதனையில் பொம்மை காப்புள்ள பாய்மேல்தான் படுத்திருக்கும், உள்ளாடையும் போட்டிருக்கும். நமக்கு அடியில் நசுங்கும் பஞ்சு சூட்டைக் காக்காது, அந்த வேலை முழுக்கப் பாயினுடையது. “இதுவே போதும் சார்” என்று கடையில் கொடுத்தது விரல் கனம்கூட இல்லாத ஃபோம் பாய். சூடு தரைக்குப் போகாமல் பாய் எவ்வளவு தடுக்கிறது என்று சொல்ல ஆர் மதிப்பு என்று ஓர் எண் உண்டு, இப்படிக் குளிரும் இடத்துக்கு அது குறைந்தது மூன்று இருந்தால் நல்லது.

பேக் உறைகளில் போடும் “3 சீசன்” என்ற சொல்லை நம்பியும் தேர்ந்தெடுக்காதீர்கள். கடும் பனிக்காலத்துக்கு ஆகாது என்பதைத் தாண்டி அது அதிகம் சொல்வதில்லை, அந்த எல்லையை வைப்பதும் தயாரிப்பாளர்தான். போகும் இடத்தின் மிகக் குளிர்ந்த இரவு எத்தனை டிகிரி என்று பாருங்கள். கம்ஃபர்ட் எண் அதைவிடக் கீழே, ஐந்து டிகிரியாவது கீழே இருக்கும் பேக்கை எடுங்கள். எங்களுக்கு 0 டிகிரி கம்ஃபர்ட் தேவைப்பட்டிருக்கும்.

டிஷ்யூ சோதனையின் வீடியோவைக் காட்டியபோது மேலாளரே வந்தார். டென்ட் பயன்படுத்தியாகிவிட்டது, திரும்ப எடுக்க முடியாது என்றார். பேக்கைப் பற்றிக் கேட்டதற்கு, “மூணு நம்பரும் லேபிள்ல இருக்கே சார், நாங்க எதையும் மறைக்கலையே” என்றார். சட்டப்படி அவர் தப்பித்துக்கொள்வார் போலிருக்கிறது. ஆனால் 5 டிகிரி இரவு என்று நான் சொல்லிக் கேட்டபோது அந்த லேபிளை யாரும் எனக்குத் திறந்து காட்டவில்லை.

தையலை நானே அடைத்துவிட்டேன். பாலியூரிதேன் பூசிய துணிக்குப் பாலியூரிதேன் சீலர், சிலிக்கான் பூசிய துணிக்குச் சிலிக்கான் சீலர், மாற்றிப் போட்டால் ஒட்டாமல் உரிந்து வந்துவிடும். ஒரு நாள் காயவிட்டு, மறுபடி குழாய்த் தண்ணீரில் சோதித்தேன். தாள்கள் காய்ந்தே இருந்தன.

பேக்குகளை 14 டிகிரிக்குக் கீழே எடுத்துப் போவதில்லை. அதே பேக் அந்தக் கடையில் இன்னும் அதே உறையில்தான் தொங்குகிறது. கையில் எடுத்தால் ஜிப்பைக் கடைசிவரை இறக்கிவிட்டு உள்தையலைப் பாருங்கள், கால்பக்கம் இருக்கும் அந்தத் துண்டு.