கேட்ட கேள்விக்குத்தான் பதிலா? சரிபார்க்க மூன்று வழிகள், ஒரு பஞ்சக் கேள்வி

குடிமைப்பணி முதன்மைத் தேர்வுக்குத் தமிழில் எழுதிப் பழகுகிறவர்களின் விடைத்தாள்களைத் திருத்தித் தருகிறேன். நன்றாகப் படித்த பிள்ளைகள்தான் இந்தத் தப்பை அதிகம் செய்கிறார்கள்: வீட்டில் தயார் செய்த ஒரு தலைப்பு மனதில் முழுசாக இருக்கும், அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்வி வந்ததும் தயார் செய்ததை அப்படியே இறக்கிவிடுவார்கள். எழுதியது எல்லாமே சரியாக இருக்கும், ஆனால் கேட்டது அது இல்லை. இதைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றையும் ஒரே விடையில் பரீட்சித்துப் பார்த்தேன்.

பயிற்சித் தேர்வுக்கு நான் கொடுத்த கேள்வி இது, 15 மதிப்பெண், 250 சொற்கள்:

"1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்து மக்கள் பெருமளவில் மடிந்ததற்கு, மழை பொய்த்ததைவிட அரசின் நிவாரணக் கொள்கையே காரணம். மதிப்பிடுக."

ஒரு மாணவி நான்கு பத்தி எழுதியிருந்தார். முதல் பத்தியில் மழை பொய்த்து தக்காணமும் மைசூரும் சென்னை மாகாணமும் வறண்ட கதை. இரண்டாவதில் தானிய விலை ஏற்றம், வியாபாரிகளின் பதுக்கல், அந்த நேரத்திலும் நிற்காத ஏற்றுமதி. மூன்றாவதில் நிவாரண வேலைகளும், நிவாரணத்தைக் கண்காணிக்க அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஜனவரியில் குறைத்த கூலியும், அதாவது ஓர் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். நான்காவதில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள், பஞ்ச ஆணையம், பஞ்ச விதித்தொகுப்பு. தகவல் பிழை என்று சுழிக்க எனக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

முதல் வழி: கேள்வியின் சொற்களை அடிக்கோடிட்டு விடையில் தேடுவது

எல்லோரும் சொல்லித் தருவது இதுதான். பஞ்சம், சென்னை மாகாணம், மழை, நிவாரணம், மடிதல் என்று ஐந்து சொற்கள், ஐந்தும் இந்த விடையில் இருக்கின்றன. இந்த வழியில் பார்த்தால் விடை தேறிவிட்டது. அங்கேதான் இது கைவிடுகிறது, ஏனென்றால் தயார் செய்த தலைப்பும் கேட்ட கேள்வியும் ஒரே பெயர்ச்சொற்களைத்தான் பகிர்ந்துகொள்கின்றன, அதனால்தானே குழப்பமே வருகிறது!

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்தக் கேள்வியின் உயிர் "பொய்த்ததைவிட" என்பதில் உள்ள "விட"விலும், "கொள்கையே" என்பதில் உள்ள ஏகாரத்திலும் இருக்கிறது. இரண்டும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பதால் கண் "கொள்கை" என்று படித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அந்த "விட"வையும் "ஏ"யையும் எடுத்துவிட்டுப் பாருங்கள், கேள்வி "பஞ்சத்தின் காரணங்களை விளக்குக" என்று ஆகிவிடுகிறது. மாணவி வீட்டில் தயார் செய்தது சரியாக அதுதான்.

ஆகவே அடிக்கோடு போடுவதென்றால் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வாலுக்குப் போடுங்கள்: விட, ஏ, மட்டும், எந்த அளவுக்கு, அப்புறம் கடைசியில் வரும் மதிப்பிடுக, விளக்குக போன்ற ஏவல். எழுத உட்காரும்முன் அது நல்ல பழக்கம். எழுதி முடித்த விடையைச் சோதிக்க அது போதாது.

இரண்டாம் வழி: கேள்வியை மறைத்து வேறொருவரிடம் படிக்கக் கொடுப்பது

விடையை மட்டும் கொடுத்து, "இது எந்தக் கேள்விக்கான பதில்? ஒரே வரியில் எழுது" என்று கேட்பது. அதே பாடம் படிக்கிற இன்னொரு மாணவரிடம் கொடுத்தேன். அவர் எழுதியது: "1876–78 பஞ்சத்தின் காரணங்களும் விளைவுகளும்." இதற்கு மேல் நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை, மாணவி அந்த வரியைக் கேள்விக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது.

இதன் பலம், ஏமாற்ற முடியாது என்பது. படிக்கிறவருக்குக் கேள்வி தெரியாததால் அவர் உங்கள் விடையில் இல்லாததைத் தானாக நிரப்பிப் படிக்க மாட்டார். நமக்கு நாமே செய்தால் அந்த நிரப்பல் நடந்துவிடும், அதனால் தனியாகப் படிக்கிறவர்கள் குறைந்தது நாலு நாளாவது தாளை மூடிவைத்துவிட்டுப் பிறகு எடுப்பது நல்லது. பலவீனம் என்னவென்றால், விடை தவறிவிட்டது என்று சொல்லுமே தவிர, எந்தப் பத்தியில் தவறியது என்று இது சொல்லாது.

மூன்றாம் வழி: ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் "ஆகவே" எழுதுவது

பத்தியைப் படித்ததும் ஓரத்தில் "ஆகவே, மடிந்ததில் கொள்கையின் பங்கு..." என்று தொடங்கி, அந்தப் பத்தியில் உள்ளதை மட்டும் வைத்து வாக்கியத்தை முடிக்க வேண்டும். முடிக்க முடியாவிட்டால் அந்தப் பத்தி வேறு கேள்விக்குச் சொந்தம்.

முதல் பத்தியில் முடியவில்லை. மழை பொய்த்தது என்று இருக்கிறதே தவிர அது எவ்வளவு தூரம் சாவுக்குக் காரணம் என்று இல்லை. இரண்டாவதில் பாதிதான் முடிகிறது, ஏற்றுமதியைத் தடுக்காதது அரசின் முடிவுதான், ஆனால் அது வணிகக் கொள்கை, கேட்டது நிவாரணம். நான்காவதில் சுத்தமாக முடியவில்லை. மூன்றாவதில் மட்டும், வேலை வாங்கிக்கொண்டு அரைவயிற்றுக்குக் கூலி கொடுத்ததால் பலவீனமடைந்தார்கள், ஆகவே கொள்கையின் பங்கு கணிசம் என்று முடித்துவிடலாம். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அந்தக் கூலியை எதிர்த்தது இதற்குச் சாட்சி, அதை மாணவி ஒரு தகவலாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

எது இல்லை என்பதையும் இந்த வழிதான் காட்டியது. "விட" என்றால் இரண்டை எடை போட வேண்டும், அதற்கு மழை பொய்த்தும் மக்கள் பிழைத்த ஓர் இடம் தேவை. அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1873–74இல் பீகாரில் மழை பொய்த்தபோது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துத் தாராளமாகக் கொடுத்தார், சாவு மிகக் குறைவு, அதிகம் செலவு செய்துவிட்டார் என்று அவருக்குத் திட்டு விழுந்தது. அதே அதிகாரி, வேறு கொள்கை, வேறு முடிவு. ஆனால் தெற்கில் வறட்சி இன்னும் பரந்தது, நீண்டது, அதனால் ஒப்பீடு முழுக்கச் சமமில்லை. இந்த இரண்டாவது வாக்கியம் வந்தால்தான் "மதிப்பிடுக"வுக்குப் பதில் ஆகும்.

இந்த வழிக்கும் ஓட்டை உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும் "இவ்வாறு கொள்கையே காரணமானது" என்று ஒரு வரியை ஒட்டிவிடுவார்கள். அந்த வரியைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் படித்தால், அது தானாக அந்த முடிவுக்கு வருகிறதா, ஒட்டியதா என்று தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால், வீட்டில் பழகும்போது இரண்டாவதை முதலில் செய்யுங்கள், தவறியது என்று தெரிந்தால் மட்டும் மூன்றாவதற்குப் போங்கள். தேர்வறையில் இரண்டுக்குமே நேரம் இல்லை, மூன்று மணி நேரத்தில் 20 கேள்வி என்றால் சராசரி ஒன்பது நிமிடம்தான். அங்கே செய்யக்கூடியது, வாலுக்கு அடிக்கோடு போட்டுவிட்டு, அந்த "ஆகவே" வாக்கியத்தை விடையின் முதல் வரியாகவே எழுதிவிடுவது. அந்த மாணவி திருப்பி எழுதிய விடை இப்படித் தொடங்கியது: "மழை பொய்த்தது பஞ்சத்தைத் தொடங்கி வைத்தது, ஆனால் பீகாரோடு ஒப்பிட்டால், சாவின் அளவைத் தீர்மானித்ததில் நிவாரணக் கொள்கையின் பங்கே பெரிது." இலங்கைத் தோட்டங்கள் இருந்த பத்தியை அவரே அடித்துவிட்டார்.