தேன்கூடா, இழுபட்ட மூச்சுக்குழாயா?

கொழிஞ்சாம்பாறையில் 66 வயதுக்காரர் ஒருவர் கையில் ஒரே நுரையீரல் சிடி ஸ்கேனுக்கு இரண்டு ரிப்போர்ட். பாலக்காட்டில் படத்தைப் பார்த்த டாக்டர் ‘தேன்கூடு’ என்கிறார், அதாவது தழும்பேறிய நுரையீரலில் தேனடை போல அடுக்கிய காற்றறைகள். கோவையில் பார்த்தவர் ‘தழும்பு இழுத்து விரித்த மூச்சுக்குழாய்’ என்கிறார். எதை நம்புவது?

இடம்: தேன்கூட்டு அறைகள் நுரையீரல் உறையை ஒட்டியே அடுக்கியிருக்கும். விரிந்த குழாய் உள்ளிருந்து உறையை நோக்கி வரும்.

அளவு: தேன்கூட்டு அறை பெரும்பாலும் 3 முதல் 10 மி.மீ. குழாயைக் குறுக்கே வெட்டினாலும் இதே மாதிரி வட்டம்தான் தெரியும். குழப்பமே இங்கேதான்.

தீர்த்து வைப்பது ஸ்கேன் படத்தில் ஒவ்வொரு வெட்டின் தடிமன். 1.5 மி.மீ.க்கு மிகாத வெட்டுகளை, உடம்பை நேர் முன்னிருந்து பார்ப்பது போன்ற கொரோனல் தளத்திலும் திருப்பி, வட்டத்தைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். நீண்டு கிளைவிட்டால் குழாய், மூடிக்கொண்டால் தேன்கூடு. இவருக்கு வலது கீழ்மடலில் இருந்த நான்கு வட்டங்களில் மூன்று ஒரே குழாயில் போய்ச் சேர்ந்தன. 5 மி.மீ. வெட்டில் இது பிடிபடாது.

கீழ்ப்பகுதி ஓரத்தில் தேன்கூடு உறுதியானால் ‘யூஐபி’, அதாவது நுரையீரல் தழும்பின் ஒரு குறிப்பிட்ட வடிவம். தழும்பும் இழுபட்ட குழாயும் மட்டும் கீழ்ப்பகுதி ஓரத்தில் இருந்தால் ‘அநேகமாக யூஐபி’. சர்வதேச நுரையீரல் மருத்துவச் சங்கங்களின் 2022 வழிகாட்டுதல்படி, மற்ற விவரங்கள் ஒத்துப்போனால் இரண்டுக்குமே பெரும்பாலும் பயாப்சி வேண்டாம். அதனால் ரிப்போர்ட் சண்டையைவிட, வீட்டில் புறா உண்டா, மூட்டுவாதம் உண்டா என்று கேட்பதே முதல் வேலை. அவற்றாலும் தேன்கூடு வரும், மருந்து வேறு.