முழுநேர வேலையோடு ஃப்ரீலான்ஸ்: ரீடெய்னரா, தனி ப்ராஜெக்ட்டா?

முழுநேர வேலையில் இருந்துகொண்டே வெளியே ஃப்ரீலான்ஸ் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வகையில் வேலை வரும். ஒன்று தனி ப்ராஜெக்ட். இன்ன வேலை, இன்ன தொகை, இன்ன தேதி என்று பேசி முடித்துக் கொடுத்தால் தீர்ந்தது. இன்னொன்று ரீடெய்னர். மாதாமாதம் ஒரு தொகை வரும், அதற்கு இத்தனை மணி நேரம் என்று ஒதுக்கி வைக்க வேண்டும்.

பணத்தை மட்டும் பார்த்தால் ரீடெய்னர்தான் நல்லது. அடுத்த மாதம் என்ன வரும் என்று தெரியும், புது கிளையன்ட்டைத் தேடி அலைய வேண்டாம். ஆனாலும் பகலில் ஒரு வேலை இருப்பவருக்கு நான் தனி ப்ராஜெக்ட்டையே சொல்வேன். ஏன் என்பது ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும்.

ஒரு வெப் டெவலப்பர். அலுவலகம் காலை 9 முதல் மாலை 6 வரை. வாரத்தில் 3 மாலை தலா ஒன்றரை மணி நேரம், சனிக்கிழமை காலை 4 மணி நேரம், ஆக மொத்தம் 8.5. இதில் 6 மணி நேரம்தான் கையில் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். மிச்சத்தை அலுவலகத்தில் தாமதமாகும் நாளும் உடம்பு முடியாத நாளும் எடுத்துக்கொள்ளும். 30 மணி நேர ப்ராஜெக்ட் என்றால் 5 வாரம். கிளையன்ட்டோடு பேசுவதையும் திருத்தங்களையும் சேர்த்து 38 மணி நேரம் என்று வைத்தால் 6 வாரத்தைத் தாண்டும். அவர் 8 வாரம் கேட்டு வாங்கினால், நடுவே ஒரு வாரம் தொடவே முடியாமல் போனாலும் தேதி தவறாது.

இதே ஆளுக்கு மாதம் 20 மணி நேர ரீடெய்னர் வருகிறது. கையில் 24 மணி நேரம் இருக்கிறது, தாராளமாக அடங்கும் என்று தோன்றும். ஆனால் கிளையன்ட்டின் தளத்தில் ஆர்டர் பக்கம் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு நின்றுபோனால் என்ன செய்வது? அவர் மாதாமாதம் பணம் கொடுக்கிறார், உடனே பதில் எதிர்பார்ப்பது நியாயம்தான். நம்மாளோ மீட்டிங்கில் இருப்பார். அலுவலக லேப்டாப்பிலேயே கள்ளத்தனமாகச் சரிசெய்யத் தோன்றுவது அந்த நேரத்தில்தான்.

அந்த ஒரு செயல் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும். பல வேலை ஒப்பந்தங்களில், நிறுவனத்தின் நேரத்திலோ கருவியிலோ உருவானது நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒரு ஷரத்து இருக்கும். சில ஒப்பந்தங்கள் இன்னும் கடுமையானவை, வேலையில் இருக்கும் காலத்தில் அந்தத் துறை சார்ந்து எதைச் செய்தாலும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று சொல்லும். கிளையன்ட்டின் ஒப்பந்தமோ அதே வேலையின் உரிமையைத் தனக்கு எழுதிக் கேட்கும். ஒரே நிரலை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

ஆகவே எந்த வகை வேலையானாலும், கையெழுத்துக்கு முன் நியமனக் கடிதத்தையும் நடத்தை விதிகளையும் எடுத்து வைத்து நான்கு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும்: வெளி வேலைக்குத் தடை அல்லது முன் அனுமதி, போட்டி நிறுவனங்களுக்கோ நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கோ வேலை செய்வது, படைப்புரிமை, ரகசியக் காப்பு. அனுமதி வேண்டுமென்றால் எச்.ஆருக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். மேலாளர் வாய்வார்த்தையாக “சரி, பண்ணுங்க” என்றது அவர் மாறிப்போன பிறகு உதவாது. இங்கேயும் தனி ப்ராஜெக்ட்டுக்கே வசதி அதிகம். யாருக்கு, என்ன வேலை, எப்போது முடியும் என்று நான்கு வரியில் எழுதிவிடலாம். ரீடெய்னரில் வேலை மாதாமாதம் உருமாறும். தளப் பராமரிப்பு என்று அனுமதி வாங்கியவர் ஆறு மாதத்தில் புது செயலி எழுதிக்கொண்டிருப்பார், பழைய அனுமதி அதற்குப் பொருந்துமா என்பதே சந்தேகம்.

அப்புறம் உடம்பும் மனசும். ப்ராஜெக்ட்டுக்கு ஒரு முடிவு உண்டு, முடிந்ததும் இரண்டு வாரம் எதையும் எடுக்காமல் இருக்கலாம். ரீடெய்னரில் அந்த இடைவெளி தானாக வராது. வேலையே இல்லாத மாலையிலும் செய்தி வந்திருக்குமோ என்று கைப்பேசியைப் பார்க்க வைக்கும், அந்த மாலை ஓய்வுக் கணக்கில் சேராது. வரம்பு தாண்டிவிட்டதை முதலில் காட்டுவது பெரும்பாலும் வேலையின் தரம்தான். இரவு எழுதியதைச் சனிக்கிழமை காலையில் திரும்ப எழுதுகிறீர்களா? அலுவலக வேலையில் வழக்கமாக விடாத சின்னத் தவறுகள் வருகின்றனவா? அப்படியானால் வார மாலைகளில் ஒன்றை உடனே விட்டுவிடுங்கள், தூக்கத்தில் கை வைக்காதீர்கள்.

ரீடெய்னரில் ஒரு வகை மட்டும் விதிவிலக்கு. மாதம் இரண்டு கட்டுரை, மாதக் கடைசியில் ஓர் அறிக்கை என்று ஒப்படைக்க வேண்டியது முன்கூட்டியே தெரிந்த வேலையைத் தயங்காமல் எடுக்கலாம். அதிலும் 2 வேலை நாட்களுக்குள் பதில், அவசர அழைப்பு கிடையாது என்ற இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கிளையன்ட் அதற்கு ஒப்பவில்லை என்றால், அவருக்கு வேண்டியது பகலில் கூப்பிட்டால் வரக்கூடிய ஆள். அப்படி ஒருவரைத் தெரிந்தால் அறிமுகம் செய்துவையுங்கள், அடுத்த தனி ப்ராஜெக்ட்டுக்கு அந்தக் கிளையன்ட் உங்களையே கூப்பிடக்கூடும்.