செவிலியர் உரிமத் தேர்வுக்குப் பயிற்சி என்று 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, கையில் கொடுத்தது மங்கலான போட்டோக்கள்

நேற்று இரவு பயிற்சி மையத்தின் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு அதுதான் பதில். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தொண்டியிலிருந்து இராமேசுவரம் வரை நம் கரையோரத்தில் நர்சிங் முடித்துவிட்டு வளைகுடாவுக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும்.

நான் தேவிபட்டினத்துக்காரன். நர்சிங் படித்திருந்தும் சவூதியில் ஒரு மருத்துவமனையில் உதவியாளர் வேலைதான் பார்க்கிறேன்; இரவு ஏழு முதல் காலை ஏழு வரை. உரிமத் தேர்வில் தேறினால்தான் செவிலியராகப் பதிவு செய்ய முடியும், சம்பளமும் உயரும். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அக்காவும் நானும் இராமநாதபுரத்தில் உள்ள ஒரு பயிற்சி மையத்துக்குப் போனோம். பெயரைச் சொல்லப் போவதில்லை. மாடியில் இரண்டு அறை, சுவர் முழுக்கத் தேறியவர்கள் என்று ஒட்டிய படங்கள். அப்படிப்பட்ட இடம்.

உள்ளே இருந்தவர் முதலில் கேட்டது என் படிப்பை அல்ல, ஊரை. தேவிபட்டினம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "நவபாஷாணம் பக்கமா? என் அம்மா வழி ஊர் அதுதான்" என்றார். அப்புறம் எல்லாம் உறவு பேச்சுதான். இரவு டூட்டி பார்ப்பவர்களுக்கென்றே தனி வகுப்பு இருக்கிறது, இந்திய நேரம் காலை பத்தரைக்குத் தொடங்கும், டூட்டி முடிந்து அறைக்குப் போய் உட்கார்ந்தால் சரியாக இருக்கும் என்றார். ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் இந்த விடை என்று விளக்கம் தட்டச்சு செய்து அனுப்புவோம் என்றார். அக்காதான் கேட்டாள்: "தம்பி திரும்பிப் போனபிறகு வகுப்பு நடக்காவிட்டால் பணம் திரும்பி வருமா?" அவர் சிரித்தார். "என்ன அக்கா, ஊர்க்காரனிடம் இப்படிக் கேட்கிறீர்களே!" அதற்கு மேல் எப்படிக் கேட்பது? அது மீன்பிடித் தடைக்காலம். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். 61 நாளும் வீட்டில் வருமானம் இல்லை. அக்காவின் வளையல் அடகுக்குப் போய் வந்த காசுதான் அந்த 18,500 ரூபாய். எண்ணிக் கொடுத்தோம். ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நான் சவூதி திரும்பியபிறகு வகுப்பு ஒன்றுகூட நடக்கவில்லை. வந்தவை போட்டோக்கள். யாரோ ஒரு பழைய புத்தகத்தைக் குழல் விளக்குக்குக் கீழே விரித்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்திருக்கிறார்கள். நடு மடிப்பில் எழுத்துகள் வளைந்து மறைகின்றன. பல பக்கங்களில் நான்காவது விடை அந்த மடிப்புக்குள் போய்விட்டது. ஓரத்தில் பக்கத்தைப் பிடித்திருக்கும் மோதிரம் போட்ட கட்டைவிரல். ஒன்றிரண்டு படங்களில் அந்த விரலே ஒரு கேள்வியை மூடியிருக்கிறது. விளக்கம் என்று ஒரு வரி கிடையாது. நீலப் பேனாவால் ஒரு விடையை வட்டமிட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த வட்டங்களாவது சரியாக இருந்தனவா? ஒரு கேள்வியைச் சொல்கிறேன். 1,000 மில்லி சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? வட்டமிட்டிருந்த விடை 42. ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு விழும் டிரிப் செட் என்று தெரியாமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. அந்த எண் இருக்க வேண்டிய வலது ஓரம் படத்தில் இருட்டாக இருந்தது. வார்டில் நான் அடுக்கி வைக்கும் செட்டின் உறையில் 20 என்று அச்சிட்டிருக்கிறது. 1,000-ஐ 20-ஆல் பெருக்கி, 8 மணி நேரத்துக்குரிய 480 நிமிடத்தால் வகுத்தால் 41.67, அதாவது 42. சரிதான் என்று நிம்மதியாக இருந்தேன். அடுத்த வாரம் வேறொரு புத்தகத்துப் பக்கம் வந்தது. அதே கேள்வி, ஆனால் இதில் ஓரம் தெளிவாகத் தெரிகிறது: மில்லிக்கு 15 சொட்டு. அப்படியானால் 15,000-ஐ 480-ஆல் வகுக்க வேண்டும். 31.25 வரும், விடை 31. அந்தப் பக்கத்திலும் வட்டம் 42-இல்தான்! கணக்கைப் போட்டுப் பார்க்காமல், பழைய விடையைப் பார்த்து அப்படியே வட்டமிட்டிருக்கிறார்கள். நோயாளிக்கு நிமிடத்துக்கு 11 சொட்டு கூடுதலாக ஏற்றினால் எட்டு மணி நேரத்துக்குரிய சலைன் ஆறு மணி நேரத்தில் உள்ளே போய்விடும். இதய நோயாளிக்கு அது மூச்சுத் திணறல் வரை கொண்டுபோகும். இதைத்தான் 18,500 ரூபாய்க்கு விற்றார்கள்.

இன்னொரு பக்கம் அதைவிட மோசம். இதயத் துடிப்பு நின்றுபோன பெரியவருக்கு ஒருவர் மட்டும் முதலுதவி செய்யும்போது மார்பு அழுத்தமும் மூச்சும் எந்த விகிதம் என்று கேள்வி. வட்டம் 15-க்கு 2 என்பதில் இருந்தது. அது 2005-க்கு முந்தைய முறை. 2005-இலேயே 30-க்கு 2 என்று மாற்றிவிட்டார்கள். இன்று 15-க்கு 2 என்பது குழந்தைக்கு இருவர் சேர்ந்து செய்யும்போதுதான் வரும். என் சட்டைப்பையில் பி.எல்.எஸ். என்னும் உயிர்காப்புப் பயிற்சி அட்டை இருந்ததால் கண்டுபிடித்தேன். அந்தப் பயிற்சி எடுக்காத பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்துகொண்டு தேர்வுக்குப் போவார்கள். இருபது வருடத்துக்கு முன் காலாவதியான புத்தகம் என்பது அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

இதை எழுதி அனுப்பினேன். "சாரிடம் சொல்கிறோம்" என்றார்கள். சார் வெளியூரில், சார் கூட்டத்தில், சார் நாளை பேசுவார். டூட்டி முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று கூப்பிட்டால் அங்கே காலை ஒன்பதரை, மையம் இன்னும் திறக்கவில்லை. அறைக்கு வந்து விழித்திருந்து மறுபடி கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை. பிறகு ஒரு பெண் பேசினார்: கூடுதலாக 6,000 கட்டினால் விளக்கத்தோடு "சிறப்புத் தொகுப்பு" தருவார்களாம், அதில் போன மாதம் தேர்வறையில் வந்த அசல் கேள்விகளே இருக்குமாம். எனக்கு உடம்பு எரிந்தது.

அக்கா பஸ் ஏறி நேரில் போனாள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் உட்காரவைத்து, பணம் கட்டியவர்தான் வர வேண்டும் என்றார்கள். சவூதியிலிருந்து நான் வர வேண்டுமாம்! பணம் கட்டியதே நான்தான் என்று சீட்டை எடுத்து நீட்டினாள். அதை வாங்கிப் படித்துவிட்டு அந்த ஊர்க்காரர் சொன்னார்: "இதில் வகுப்பு என்று எங்கே இருக்கிறது? குறிப்புக் கட்டணம் என்றுதானே எழுதியிருக்கிறேன். குறிப்பு வந்துவிட்டதே." உண்மைதான், சீட்டில் 'குறிப்புக் கட்டணம் ரூ. 18,500' என்று மட்டும்தான் இருக்கிறது. உறவு பேசிக்கொண்டே அந்த இரண்டு சொல்லை எழுதியிருக்கிறார். அன்று இரவே குழுவில் என் பெயர் இல்லை.

டூட்டிக்கு நேரமாகிறது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் கட்டுமுன் ஒரு பாடத்தின் பத்துக் கேள்விகளை விளக்கத்தோடு கேளுங்கள். சொட்டுக் கணக்கு ஒன்றை நீங்களே போட்டுப் பாருங்கள். பெரியவருக்கான முதலுதவிக் கேள்வியில் 15-க்கு 2 என்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அசல் தேர்வுக் கேள்வி தருகிறேன் என்பவரிடம் நிற்கவே வேண்டாம். கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் தேர்வு எழுதுகிறார்கள், மாட்டினால் உங்கள் உரிமம்தான் போகும். ரசீதில் வகுப்பு, எத்தனை மணி நேரம், எந்தத் தேதி வரை என்று எழுதி வாங்குங்கள்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைப் பற்றி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. என் அதிகாரக் கடிதம், அந்தச் சீட்டு, 15 சொட்டுக்கு 42 என்று வட்டமிட்ட அந்தப் பக்கம், மூன்றையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை அக்கா போகிறாள். இதே மையத்தில் பணம் கட்டிய வேறு யாராவது இருந்தால் சீட்டோடு வாருங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம். 18,500 ரூபாயை நான் விடப்போவதில்லை.