20+10 கழிவா, ஒரே 30 கழிவா?

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் புடவைக் கடைகளில் இந்தக் கேள்வி வரும். கொள்விலை 3000 ரூபாய், குறித்த விலை 4500 ரூபாய் என்று ஒரு சேலையை வைத்துப் பார்ப்போம்.

20+10: முதலில் 3600, அதில் 10 சதவீதம் போக 3240. மொத்தக் கழிவு 28 சதவீதம்தான். இரண்டாவது கழிவு குறைந்த விலையில் கணிக்கப்படுவதே காரணம். வரிசையை மாற்றினாலும் விடை மாறாது.
ஒரே 30: 3150.

வாங்குபவருக்கு 30 தான் நல்லது, 90 ரூபாய் மிச்சம். கடைக்காரருக்கு 20+10 உதவும், அதுவும் அந்தப் பத்தை இரண்டு சேலை எடுப்பவருக்கு மட்டும் கொடுத்தால்.

ஆனால் எவ்வளவு கழிவு தாங்கும்? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சேலையில் இலாபம் 1500.

மார்க்கப்: 1500 ÷ 3000, அதாவது 50 சதவீதம்.
மார்ஜின்: 1500 ÷ 4500, அதாவது 33.3 சதவீதம்.

"ஐம்பது வைச்சனான், நாற்பது குறைச்சாலும் பத்து மிஞ்சும்" என்று நினைத்தால் சேலை 2700க்குப் போய் 300 ரூபாய் நட்டம் வரும். இங்கே கழிவும் மார்ஜினும் குறித்த விலையிலிருந்து கணிக்கப்படுபவை, மார்க்கப் கொள்விலையிலிருந்து. ஆகவே 33.3க்கு மேல் கழிவு போனால் போட்ட முதலே கரையும். கடை வாடகையும் சம்பளமும் இதற்குள் சேரவில்லை, அதனால் உண்மையான எல்லை இன்னும் கீழே.

சரக்கு வந்ததும் விலை குறிக்க மார்க்கப் போதும். மலிவு விற்பனைப் பலகை எழுதுமுன் மார்ஜினைப் பாருங்கள்.