கையெழுத்தில் ஒரு A சேர்ப்பதா, இனிஷியலை விடுவதா?

கோத்தகிரியில் தேயிலை போட்டிருக்கும் என் மச்சானிடம் எண்கணித ஜோதிடர் சொன்னார்: "S. KUMAR வேண்டாம், மாத்துங்க." எழுத்துக்கு எண் கொடுக்கும் கால்டியன் முறையில் S 3, K 2, U 6, M 4, A 1, R 2, கூட்டினால் 18. அது சண்டை சச்சரவைக் காட்டும் எண்ணாம். பிறந்த தேதியை மாற்ற முடியாது, தினமும் போடும் கையெழுத்தை மாற்றலாம் என்பது இவர்கள் வாதம்.

எண்: S. KUMAAR என்றால் 19, சூரியனுக்குரிய நல்ல எண். வெறும் KUMAR என்றால் 15, அதுவும் நல்லதுதான்.

பழக்கம்: கூடுதல் A அவசரத்தில் விடுபடும். இனிஷியலை விடுவது சுலபம்.

வங்கி: இரண்டுக்குமே புது மாதிரிக் கையெழுத்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காசோலை திரும்பி வரும். கையெழுத்து மட்டும் மாறினால் ஆதாரில் பெயரைத் தொட வேண்டாம்.

எனக்கு இடிப்பது வேறு. பித்தாகரஸ் முறை என்று இன்னொன்று இருக்கிறது, அதில் R-க்கு 9, S-க்கு 1, U-க்கு 3, மற்ற எழுத்துகளுக்கு அதே எண்தான். அதே பழைய கையெழுத்து 20 ஆகிவிடுகிறது. பயமுறுத்திய 18 அங்கே இல்லவே இல்லை.

சரி, மாற்றியே தீருவேன் என்பவருக்கு இனிஷியலை விடுவது போதும். ஒரே ஹட்டியில் நாலு குமார் இருந்தால் இனிஷியல் இருக்கட்டும், A சேர்க்கலாம்.