நீர்க்கடிகாரத்துக்கு எந்தப் பாத்திரம்? தூக்கா, வாளியா, நான்காம் படிக் கிண்ணமா?

அடியில் துளையிட்ட பாத்திரத்தில் நீர் ஊற்றி, பக்கத்தில் அளவுகோல் ஒட்டி, நீர்மட்டம் இறங்குவதை வைத்து நேரம் சொல்ல வேண்டும். கோடுகள் எல்லாம் சம இடைவெளியில் இருக்க வேண்டும். சேலத்தில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நீர்க்கடிகாரம் செய்யும் பிள்ளைகள் பெரும்பாலும் நேர்ச்சுவர் எவர்சில்வர் தூக்கையோ பிளாஸ்டிக் டப்பாவையோ எடுத்து வருவார்கள். சிலர் வாளி கொண்டு வருவார்கள். விஷயம் தெரிந்த ஒன்றிரண்டு பேர் "இதுக்குன்னு தனியா ஒரு வடிவம் இருக்குதுங்க சார்" என்பார்கள். மூன்றையும் ஒரே அளவில் வைத்துப் பார்ப்போம். நீரின் உயரம் 24 செ.மீ., ஓட வேண்டிய நேரம் 24 நிமிடம், அதாவது ஒரு நாழிகை. நிமிடத்துக்கு ஒரு செ.மீ. இறங்கினால் வேலை முடிந்தது.

தூக்கு இதில் மோசமாகத் தோற்கும். 24 நிமிடத்தில் காலியாகும்படி துளையிட்ட நேர்ச்சுவர் பாத்திரத்தில் முதல் நிமிடத்திலேயே மட்டம் கிட்டத்தட்ட 2 செ.மீ. இறங்கிவிடும். பாதி நேரம் போவதற்குள் 18 செ.மீ. காலி. மீதி 6 செ.மீ. இறங்க இன்னொரு 12 நிமிடம் ஆகும். கடைசி நிமிடத்தில் அரை மில்லிமீட்டர்கூட நகராது. கோடுகளை இடம் மாற்றிப் போட்டுச் சமாளிக்கலாம்தான். ஆனால் கீழே உள்ள கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், படிக்கவே முடியாது.

காரணம் 1644-இல் டாரிசெல்லி வெளியிட்ட விதி. துளை வழியே நீர் பாயும் வேகம், மேலே நிற்கும் நீரின் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: v = √(2gh). உயரம் கால்பங்காகக் குறைந்தால் வேகம் பாதியாகும். வெளியேறும் நீர் பாதியாகும்போதும் மட்டம் அதே வேகத்தில் இறங்க வேண்டுமென்றால், அந்த உயரத்தில் பாத்திரத்தின் குறுக்குப் பரப்பும் பாதியாக இருக்க வேண்டும். பரப்பு √h-ஐப் பின்தொடர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வட்டப் பாத்திரத்தில் பரப்பு ஆரத்தின் வர்க்கம். ஆக, ஆரத்தின் நான்காம் படியோடு உயரம் ஏறும்:

```
h = k · r^4
```

அந்தத் தனி வடிவம் இதுதான். நம் அளவுக்கு இதைக் கணக்கிடலாம். மெல்லிய தகட்டில் 3 மி.மீ. துளை போட்டால், தாரை சுருங்குவதற்கு 0.6 என்ற குணகத்தையும் சேர்த்தால், 24 செ.மீ. உயரத்தில் நொடிக்குச் சுமார் 9.2 கன செ.மீ. நீர் வெளியேறும். நிமிடத்துக்கு 1 செ.மீ. இறங்க அங்கே 552 சதுர செ.மீ. பரப்பு தேவை, அதாவது ஆரம் 13.3 செ.மீ. கீழே வர வர ஆரம் இப்படிக் குறையும்: 12 செ.மீ. உயரத்தில் 11.1, 6-இல் 9.4, 3-இல் 7.9, 1.5-இல் 6.6. மொத்தம் 8.8 லிட்டர் பிடிக்கும்.

அந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். உயரம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்தும் ஆரம் பாதியாகத்தான் குறைந்திருக்கிறது. பக்கச்சுவர் ஏறக்குறைய நேராக ஏறும், அடி தட்டையாகப் படுத்திருக்கும். இதற்கான வரைபடத்தைத் தகடு அழுத்தும் பட்டறையில் காட்டியபோது, "மேல சரிங்க சார், அடி ஏன் தோசைக்கல்லு மாதிரி இருக்குது? நடுவுல தண்ணி நிக்குமே?" என்று கேட்டார் பட்டறைக்காரர். சரியான கேள்வி. அடியில் ஒரு மில்லிமீட்டர் நீர் 3 செ.மீ.க்கும் மேற்பட்ட ஆரத்துக்குப் பரவிக் கிடக்கும். அந்த மெல்லிய ஏட்டில் டாரிசெல்லி விதி எடுபடாது. அதற்கு முன்பே, 3 மி.மீ. துளையில் நீர்மட்டம் சுமார் 1 செ.மீ.க்குக் கீழே போனதும் பரப்பு இழுவிசை மேலோங்கி, தாரை அறுந்து சொட்டுச் சொட்டாகிவிடும். அதனால் நான் 1.5 செ.மீ.க்குக் கீழே கோடே போடச் சொல்வதில்லை. பட்டறைக்காரரிடமும் அந்த அடிப்பகுதியை லேசான குழியாக்கி விடச் சொன்னேன். படிக்காத இடத்தில் வடிவம் எப்படி இருந்தால் என்ன?

இப்போது வாளி. இதை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆனால் எனக்கு ஆச்சரியம் தந்தது இதுதான். மேலே விட்டம் 26.5 செ.மீ., அடியில் 16 செ.மீ.க்குச் சற்று மேல் என்று நேர்ச்சரிவாக ஒரு வாளியை எடுத்து, 24-இலிருந்து 6 செ.மீ. வரை 18 நிமிடம் ஆகும்படி துளையைச் சற்றே சிறிதாக்கினால் மூன்றும் இப்படி நிற்கும்:

| நீர்மட்டம் | கிண்ணம் | வாளி | தூக்கு |
|---|---|---|---|
| 18 செ.மீ. | 6 நிமி. | 6.1 நிமி. | 3.2 நிமி. |
| 12 செ.மீ. | 12 நிமி. | 12.0 நிமி. | 7.0 நிமி. |
| 6 செ.மீ. | 18 நிமி. | 18 நிமி. | 12 நிமி. |
| 3 செ.மீ. | 21 நிமி. | 21.5 நிமி. | 15.5 நிமி. |

மேல் முக்கால் பகுதியில் வாளியின் பிழை பத்து விநாடிக்குள் அடங்கிவிடுகிறது. நான்காம் படி வளைவு அந்த உயரத்தில் ஏறக்குறைய நேர்கோடாகவே இருப்பதுதான் இதற்குக் காரணம். 6 செ.மீ.க்குக் கீழே வாளி பின்தங்கத் தொடங்கும், 1.5 செ.மீ. தொடும்போது ஒரு நிமிடத்துக்கும் மேல் தாமதம். எகிப்தின் கர்நாக்கில் 1904-இல் கிடைத்த மூன்றாம் அமென்ஹோதெப் காலத்து நீர்க்கடிகாரமும், சுமார் 3400 ஆண்டுப் பழசு, இதே வாளி வடிவம்தான். சுவர்ச் சாய்வு சுமார் 70 பாகை. விதி தெரியாமலேயே கைப்பழக்கத்தில் இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறார்கள். வாளியைக் கேலி செய்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

கூம்பு வேறு, வாளி வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். புனல்போல் கூர்ந்து முடியும் கூம்பில் தவறு எதிர்ப்பக்கம் போகும். முதலில் மட்டம் மெதுவாக இறங்கி, கடைசியில் சரசரவென்று ஓடிவிடும்.

கிண்ணம் செய்யப் பட்டறைக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு, எனக்குப் பிடித்ததும் அதுதான். இரண்டு அக்ரிலிக் தகடுகளை 8 செ.மீ. இடைவெளியில் நிறுத்தி, நடுவே வளைந்த பக்கச்சுவர் வைத்து சிலிகானால் ஒட்டிவிட வேண்டும். தடிமன் எங்கும் ஒன்றாக இருப்பதால் பரப்பு அகலத்தைப் பொறுத்து மட்டுமே மாறும். ஆகவே அகலம் √h போல் மாறினால் போதும், அது சாதாரணப் பரவளையம். 2 மி.மீ. துளைக்கு மேல்விளிம்பில் அகலம் 31 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, 6 செ.மீ. உயரத்தில் அதில் சரிபாதி. அட்டையில் வரைந்து வெட்டிவிடலாம், மட்டம் இறங்குவதும் கண்ணாடிபோல் தெரியும். துளை சிறிதானதால் தாரை 1.5 செ.மீ. உயரத்திலேயே அறுந்துவிடும். அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இவ்வளவும் துளை மெல்லிய தகட்டில் இருந்தால்தான். பலர் வசதிக்காக அடியில் நீண்ட மெல்லிய குழாயைச் செருகுவார்கள், குளுக்கோஸ் ஏற்றும் குழாய் சுலபமாகக் கிடைக்கிறதே! அங்கே நீரின் பிசுபிசுப்பு ஆட்சி செய்யும். பாயும் அளவு உயரத்தின் வர்க்கமூலத்தை விட்டு உயரத்தையே நேர்விகிதத்தில் பின்தொடரும். அப்போது சரியான வடிவம் நான்காம் படிக் கிண்ணம் அல்ல, பரவளையத்தைச் சுழற்றிய கிண்ணம். அழகாகச் செய்த நான்காம் படிக் கிண்ணத்தில் குழாயை மாட்டினால் நேரம் கெட்டுப்போகும்.

எது நடக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பழைய தூக்கே உதவும். செய்யப்போகும் துளையை அல்லது குழாயை அதில் பொருத்தி, மட்டம் 24-இலிருந்து 6-க்கு வர ஆகும் நேரத்தையும் 6-இலிருந்து 1.5-க்கு வர ஆகும் நேரத்தையும் எடுங்கள். முதலாவது இரண்டாவதைப்போல் இரு மடங்கு என்றால் டாரிசெல்லி விதி, நான்காம் படி. இரண்டும் சமம் என்றால் குழாய் விதி, பரவளையம். இடையில் எங்காவது நின்றால், தகடு தடிமன் அதிகம் அல்லது துளையில் பிசிறு இருக்கிறது. வெளிப்பக்கம் பெரிய டிரில்லால் சரித்துவிட்டு, உள்விளிம்பு கூராக இருக்கும்படி செய்தால் சரியாகும்.

சேலத்தில் ஓட்டிப் பார்த்ததை யேற்காட்டுக்குக் கொண்டுபோனால் மாறுமா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. மேலே சுமார் 1500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு. ஆனால் நீர்மட்டத்தின் மேலும் துளையின் வாயிலும் அதே காற்றுதான் அழுத்துகிறது, ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். புவியீர்ப்பு குறைவது கணக்கில் வராத அளவு. குளிர்தான் வேலையைக் காட்டும், அதுவும் குழாய் வைத்தவருக்கு மட்டும். 30 பாகை நீரைவிட 15 பாகை நீரின் பிசுபிசுப்பு நாற்பது சதவீதத்துக்கு மேல் அதிகம். சேலத்தில் 24 நிமிடம் ஓடிய குழாய்க் கடிகாரம், யேற்காட்டின் குளிர்ந்த காலையில் 34 நிமிடம் வரை இழுக்கும். கூரான துளைக்கு அந்த மாற்றம் பெரிதாகத் தெரியாது.

வடிவத்தோடு மல்லுக்கட்டாமல் தப்பிக்கும் வழியும் ஒன்று உண்டு. நேர்ச்சுவர் பாட்டிலை இறுக மூடி, மூடி வழியே ஒரு குழாயை உள்ளே இறக்கிவிட்டால், குழாயின் கீழ்முனைக்கும் துளைக்கும் உள்ள உயரம் மட்டுமே கணக்கில் வரும். மட்டம் அந்த முனையைத் தொடும்வரை சீராக இறங்கும். மரியாட்டின் பாட்டில் என்பார்கள். மலிவு, சுலபம். ஆனால் மூடியில் மயிரளவு கசிவு இருந்தாலும் குழாய்முனையில் குமிழ் வருவது நின்று, அது வெறும் தூக்காகிவிடும். வெயிலில் வைத்தால் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து நீரைத் தள்ளும். சேலத்து ஏப்ரல் வெயிலில் கண்காட்சி மேசையைச் சன்னலோரம் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் பழைய நாழிகை வட்டிலுக்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை. அது நீரில் மிதந்து, துளை வழியே நிரம்பி, மூழ்கும் அந்த ஒரு கணத்தைத்தான் பார்க்கிறோம். இடைநேரம் படிக்காதபோது வடிவத்தைப் பற்றிக் கவலை ஏன்?

இடைநேரமும் படிக்க வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்றால் வாளியை எடுங்கள், கீழ் 6 செ.மீ.யை விட்டுவிடுங்கள். அதற்குக் கீழேயும் 1.5 செ.மீ. வரை படிக்க வேண்டுமென்றால் அக்ரிலிக் தொட்டியோ கிண்ணமோதான். எதை எடுத்தாலும் துளையை மட்டும் அடிக்கடி பாருங்கள். நம் ஊர் போர்த் தண்ணீரின் உப்பு படிந்து 3 மி.மீ. துளை 2.9 ஆனாலே 24 நிமிடம் 25.7 ஆகிவிடும். கிண்ணத்தில் மட்டம் அப்போதும் சீராகவே இறங்கும், ஏனென்றால் துளையின் அளவு வேகத்தைத்தான் மாற்றும், வடிவத்தின் கணக்கை மாற்றாது. அதனால் கோடுகளைப் பார்த்து இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. கைக்கடிகாரத்தோடு ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்க்க வேண்டும். தாமதம் தெரிந்தால் துளையை எலுமிச்சைச் சாற்றில் ஊறவிட்டுக் கழுவுங்கள், ஊசி விட்டுக் குத்தினால் உள்விளிம்பு கெட்டுவிடும்.